மேசைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒருவர்: தைத்த கட்டா, பெரிய தாளா, தனித்தாள்களா?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களுக்குக் கூகைப் பெட்டி செய்து, கம்பத்தில் ஏற்றி, நட்டுக் கொடுப்பது என் தொழில். கூகை எலி தின்னும். எலி செம்பனைக் குலையைத் தின்னும். ஆகவே தோட்டக்காரர்கள் கூகைக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். பெட்டி செய்வது எனக்கு எளிதாக வந்தது. தோட்ட நிர்வாகியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கொண்டுபோன காகிதங்களை வைத்துக்கொண்டு அவரிடம் விஷயத்தைச் சொல்லி முடிப்பதைக் கற்கத்தான் ஆண்டுகள் ஆயின.

அங்கே திரை கிடையாது, கூட்டமும் கிடையாது. தொழிலாளர்களுக்கு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டு முடிந்து, வெளிக்காட்டைச் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஒரே ஒருவர். முடிவு அவருடையது. அவர் கொடுக்கும் நேரம் இருபது நிமிடம். மடிக்கணினியைத் திருப்பி வைத்தால் ஒருவர் பார்க்கும்போது மற்றவர் பார்க்க முடியாது, அதில் அவர் பென்சிலால் எதையும் எழுதவும் முடியாது. எனவே காகிதம் என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் வந்ததில்லை. அந்தக் காகிதத்தை எந்த உருவில் கொண்டுபோவது என்பதுதான் கேள்வி. நான் மூன்று வழிகளையும் செய்து பார்த்திருக்கிறேன்: பக்கங்களை வரிசையாகத் தைத்த கட்டு, எல்லாம் அடங்கிய ஒரே ஏ3 தாள், ஒவ்வொன்றாக மேசையில் வைக்கும் தனித்தாள்கள். காப்புறுதி முகவர்கள் மேசைமேல் நிறுத்திப் புரட்டும் அட்டைக் கூடாரம் நான்காவது வழி. அது இருவருக்கும் நடுவில் சுவர்போல எழுந்து நிற்கும். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒப்பிடுவதற்கு ஒரே வேலையை எடுத்துக்கொள்கிறேன். 400 ஹெக்டர் செம்பனை. பத்து ஹெக்டருக்கு ஒரு பெட்டி என்றால் 40 பெட்டிகள். பெட்டி, கம்பம், நடும் கூலி எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 350 ரிங்கிட், மொத்தம் 14,000 ரிங்கிட்.

முதலில் தைத்த கட்டு. நான் முதன்முதலில் கொண்டுபோனது பதினான்கு பக்கம், இடது ஓரத்தில் இரண்டு ஊசி, மேலே நெகிழித் தாள். பார்க்க அழகாக இருந்தது. முதல் நான்கு பக்கங்களில் எலி செய்யும் சேதம், அடுத்த நான்கில் கூகையின் வாழ்க்கை, பிறகு என் வேலையின் படங்கள், பதின்மூன்றாம் பக்கத்தில் விலை. அந்தத் தோட்ட நிர்வாகி கட்டைக் கையில் வாங்கினார். நான் இரண்டாம் பக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது அவருடைய கட்டைவிரல் கடைசித் தாள்களைத் தூக்கிக்கொண்டிருந்தது. விலையைப் பார்த்துவிட்டார். அதன் பிறகு நான் எலியைப் பற்றிச் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை. கம்பத்துக்கு ஏன் இவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். மரக்கம்பம் போட்டால் குறையுமா என்று கேட்டார், சொன்னேன். பேச்சு கம்பத்திலேயே முடிந்தது. கூகை அந்தப் பேச்சுக்குள் வரவே இல்லை.

அவர்மீது தவறில்லை. பணம் கொடுப்பவர் பணத்தைத் தேடிப் பார்ப்பது இயல்பு. தவறு கட்டின் அமைப்பில் இருந்தது. கட்டை ஒருவர் கையில் கொடுத்துவிட்டால் வேகமும் வரிசையும் அவருடையவை ஆகிவிடுகின்றன, நான் மட்டும் என் வரிசையில் பேசிக்கொண்டிருக்கிறேன். இருவர் இரண்டு பக்கங்களில் இருக்கிறார்கள். இதைக் கண்டுகொள்வது எளிது. அவர் கையில் உள்ள தாளின் ஓரத்தைப் பாருங்கள். நீங்கள் பேசும் பக்கத்தைவிட அவர் பக்கம் தடிமனாகப் புரண்டிருந்தால் உங்கள் பேச்சு வீண். அந்த நேரத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான். பேச்சை நிறுத்தி, அவர் இருக்கும் பக்கத்துக்கு நீங்களும் போய்விட வேண்டும்.

கட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பக்கம் பிரியாது, காணாமல் போகாது. நாம் எழுந்து வந்த பிறகு அது முழுதாக இருக்கும். இந்தக் குணத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது, ஒரே ஏ3 தாள். 42 சென்டிமீட்டர் நீளம், 29.7 சென்டிமீட்டர் அகலம், இரண்டு ஏ4 தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவு. ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் ஒரு சிக்கலையும் அதன் தீர்வையும் இந்த ஒரே தாளில் எழுதி, எழுதியவரும் மேலதிகாரியும் அதைப் பார்த்துப் பேசும் பழக்கத்தால் பெயர் பெற்றது. இடப்பக்கம் நிலைமையும் காரணமும், வலப்பக்கம் செய்யப்போவதும் சரிபார்க்கும் விதமும். புரட்டுவதற்கு ஒன்றுமில்லை. விலையும் காரணமும் ஒரே பார்வையில் இருப்பதால் ஒன்றை விட்டு ஒன்றுக்கு ஓட வேண்டியதில்லை. இரண்டு பொருள்களில் எதை வாங்குவது என்ற முடிவுக்கு இதைவிடச் சிறந்த வடிவம் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணை ஓட்டலாம்.

ஆனால் தோட்ட அலுவலகத்தில் எனக்கு இது இரண்டு இடங்களில் உதைத்தது. முதலாவது மேசை. நிர்வாகியின் மேசையில் தொழிலாளர் வருகையும் சம்பளமும் பதியும் செக்ரோல், குலைக் கணக்கு, உரக் கோப்பு, தொலைபேசி, பாதி குடித்த தேத்தண்ணீர் எல்லாம் இருக்கும். 42 சென்டிமீட்டர் வெற்றிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்டால் அவர் எல்லாவற்றையும் ஒதுக்கித் தருவார். ஆனால் வந்ததும் வராததுமாக அவர் வேலையைக் கலைத்தவன் ஆகிவிடுவேன். இரண்டாவது, ஒரே தாளில் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும் என்ற ஆசையில் எழுத்து சிறுத்துவிடுகிறது. பல நிர்வாகிகள் ஐம்பது வயதை ஒட்டியவர்கள். கிட்டத்தில் வைத்துப் படிக்கக் கண்ணாடி தேவைப்படும் வயது. தாள் மேசையில் கிடக்கும்போது அவர் கண்ணுக்கும் எழுத்துக்கும் அரை மீட்டருக்கு மேல் இருக்கும். பத்துப் புள்ளி எழுத்தை அந்தத் தூரத்தில் படிக்க முடியாமல் அவர் தாளைத் தூக்கிக்கொள்கிறார். தூக்கியதும் அது எனக்கு மறைந்துவிடுகிறது. 14 புள்ளி எழுத்து, அதாவது சுமார் ஐந்து மில்லிமீட்டர் அளவு, மேசையில் கிடந்தபடியே படிக்க முடிகிற அளவு என்று என் அனுபவத்தில் கண்டேன். அந்த அளவில் ஒரு ஏ3 தாளில் நான் சொல்ல வேண்டியதில் பாதிதான் கொள்ளும்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். இதைத்தான் இப்போது தேர்ந்திருக்கிறேன், ஆகவே இதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.

தனித்தாள்கள் என்றால் ஐந்து ஏ4 தாள்கள், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டவை, தைக்காதவை. என் கோப்பிலிருந்து ஒன்றை எடுத்து அவர் முன் வைப்பேன். அவர் படித்து, பேசி முடித்த பிறகு அடுத்தது. தாள் என் கையில் இருக்கும்வரை வேகம் என்னிடம், மேசையில் வைத்த பிறகு அது அவருடையது. கட்டில் நான் இழந்தது திரும்பக் கிடைக்கிறது. ஆனால் எனக்கு இந்த வழி பிடித்ததற்கு அது முதற்காரணமில்லை. வரிசையை அவருடைய கேள்விக்கு ஏற்ப மாற்ற முடிகிறது என்பதுதான் காரணம். இரண்டாம் தாளின்போது நான்காம் தாளில் உள்ளதைக் கேட்டால் நான்காம் தாளை உடனே எடுத்து வைப்பேன். "அதற்கு அப்புறம் வருகிறேன், ஐயா" என்று ஒருவரிடமும் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன். எதிரே ஒரே ஒருவர் இருக்கும்போது அவர் கேள்விதான் அடுத்த தலைப்பு.

இங்கே ஒரு சோதனை வரும். தாள் என் கையில் இருக்கிறது, ஆகவே விலையைக் கடைசிவரை மறைத்து வைக்கலாம் என்று தோன்றும். நானும் அப்படிச் செய்தேன். அது கட்டைவிட மோசமான பலன் தந்தது. கட்டில் அவராகப் புரட்டிப் பார்த்துவிடுவார். இங்கே பார்க்க முடியாமல் தவிக்கிறார். எவ்வளவு வரும் என்ற கேள்வி அவர் மனதில் ஓடிக்கொண்டே இருக்க, நான் எலியின் கடியைக் காட்டிக்கொண்டிருப்பேன். எனவே இப்போது கேட்பதையும் விலையையும் முதல் தாளிலேயே வைத்துவிடுகிறேன். விலை தெரிந்துவிட்டால் மற்ற தாள்களை அவர் அந்த விலைக்கான காரணமாகப் படிக்கிறார்.

அந்த ஐந்து தாள்கள் இவை. ஒவ்வொன்றின் தலைப்பும் ஒரு முழு வாக்கியம். "அறிமுகம்", "விலை விவரம்" என்று போட்டால் அவர் தலைப்பைத் தாண்டிக் கீழே தேட வேண்டியிருக்கும்.

முதல் தாள்: "முதல் ஆண்டில் 20 பெட்டிகள், 7,000 ரிங்கிட். கூகை குடியேறியதைப் பார்த்த பிறகு அடுத்த 20." அதன் கீழே நான்கே வரிகள். ஏன் 20, எப்போது நடுவோம், தோட்டம் என்ன செய்ய வேண்டும், நான் என்ன செய்வேன். 400 ஹெக்டரில் 20 பெட்டி என்றால் இருபது ஹெக்டருக்கு ஒன்று. கூகை வருகிறதா என்று பார்க்க இது போதும். 14,000 கேட்டுக்கொண்டிருந்த நான் 7,000 கேட்கத் தொடங்கியது இந்தத் தாளை எழுதும்போதுதான். முழுத் தொகைக்கான காரணத்தை நான்கு வரியில் எழுத வரவில்லை. பாதித் தொகைக்கு வந்தது.

இரண்டாம் தாள்தான் கனமானது: "இப்போது வைக்கும் எலி மருந்தை மாற்றாமல் பெட்டி நட்டால் பணம் வீண்." பல தோட்டங்களில் புரோடிபாகும் என்ற மருந்து வைக்கிறார்கள். அது ஒரே தடவை தின்றாலும் எலியைக் கொல்லக்கூடியது, ஆனால் எலி உடனே சாகாது, சில நாள் ஆகும். அந்த நாள்களில் தளர்ந்து திரியும் எலியைக் கூகை பிடித்துத் தின்கிறது. மருந்து கூகையின் உடலில் சேர்ந்து அதையும் கொல்கிறது. பழைய வார்பரின் மருந்தால் கூகைக்கு ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் புரோடிபாகும் அளவுக்கு இல்லை. மறுபக்கம், வார்பரினுக்குப் பழகிப்போன எலிகள் உண்டு. அதனால்தான் புரோடிபாகும் வகை மருந்துகளே வந்தன. இதையும் அந்தத் தாளில் எழுதியிருக்கிறேன். பெட்டி விற்கிறவன் இதை ஏன் இரண்டாம் தாளில் வைக்கிறாய் என்று என் தம்பி கேட்டான். நிர்வாகி எடுக்க வேண்டிய உண்மையான முடிவு இதுதான். பெட்டிக்குப் பணம் கொடுப்பது சிறிய முடிவு, மருந்தை மாற்றுவது பெரிய முடிவு. இதைச் சொல்லாமல் பெட்டியை விற்றால் ஆறு மாதத்தில் பெட்டிக்குக் கீழே செத்த கூகையைக் காட்டி என்னைக் கூப்பிடுவார்கள்.

மூன்றாம் தாள் தோட்டத்தின் வரைபடம். பிளாக் எண்களும் சாலையும் மட்டும், அதன்மேல் பெட்டி நடும் இடங்களுக்கு 20 வட்டங்கள். "இந்த 20 இடங்களை நீங்கள் மாற்றலாம்" என்பது தலைப்பு. இந்த ஒரு தாளை மட்டும் ஏ3 அளவில் அச்சிட்டு இரண்டாக மடித்து வைத்திருப்பேன். பேச்சு இந்த இடத்துக்கு வருவதற்குள் நிர்வாகி மேசையில் அவராகவே இடம் ஒதுக்கியிருப்பார். ஏ3 தாளின் பலம் எனக்கு இங்கே பயன்படுகிறது, அதன் பலவீனம் தொடுவதில்லை.

நான்காம் தாள்: "பன்னிரண்டு மாதத்தில் 8 பெட்டிக்குக் குறைவாகக் குடியேறினால் அடுத்த 20 வேண்டாம்." குடியேறியதை எப்படி அறிவது என்பதை இதில் சொல்கிறேன். பெட்டிக்குக் கீழே வெள்ளை எச்சமும், கூகை செரிக்காமல் உமிழ்ந்த எலும்பும் மயிரும் கலந்த உருண்டைகளும் கிடக்கும். மாதம் ஒருமுறை ஒரு தொழிலாளி நடந்து பார்த்தால் போதும். அத்துடன் குலைகளில் புதிய கடியை எண்ண வேண்டும். புதிய கடி 5 விழுக்காட்டைத் தாண்டினால் மருந்து வைப்பது தோட்டங்களில் வழக்கமான கணக்கு. அந்த எண் கூகை வந்த பிறகு இறங்குகிறதா என்பதைத்தான் நிர்வாகி கேட்பார். கூகை வந்த மறுமாதம் எலி குறையாது என்பதையும் இந்தத் தாளில் எழுதியிருக்கிறேன்.

ஐந்தாம் தாள் விலைப் பிரிவு: பெட்டி 180, கம்பம் 90, நடும் கூலி 80, ஆக 350. இதைக் கோப்பிலேயே வைத்திருப்பேன். கேட்டால் மட்டும் வெளியே வரும். முதன்முதலில் என் பேச்சைக் கவிழ்த்த அந்தக் கம்பத்தின் விலை இங்கேதான் இருக்கிறது. மொத்தத் தொகை முதல் தாளிலேயே தெரிந்துவிடுவதால் பெரும்பாலும் யாரும் இதைக் கேட்பதில்லை. கேட்பவருக்கு மூன்று வரியில் பதில் இருக்கிறது.

இனி மேசையில் நடப்பது. தாள் அவரைப் பார்த்து இருக்க வேண்டும். எனக்குத் தலைகீழாகத் தெரியும். இதைப் பழகாமல் போனால் நாம் தலையைச் சாய்த்துக்கொண்டு படிப்போம், அல்லது தாளை நம் பக்கம் பாதி திருப்பிவிடுவோம். அப்போது இருவருக்கும் சரியாகத் தெரியாது. என் வழி இது. தாளின் மேல் விளிம்புதான் எனக்கு மிக அருகில் இருக்கும். அங்கே எனக்கு நேராகத் தெரியும்படி பென்சிலால் சிறிதாகத் தாள் எண்ணையும் ஒரு சொல்லையும் எழுதிவைப்பேன். அவருக்கு அது தலைகீழாக ஒரு கிறுக்கல்போலத் தெரியும், அவ்வளவுதான்.

எதிரே உட்கார்ந்து சுட்டிக்காட்டும்போது என் கை தாளின் மேலிருந்து கீழே வருகிறது. கீழ்ப்பாதியில் உள்ள ஓர் எண்ணைக் காட்டினால் மணிக்கட்டு மேல்பாதி முழுவதையும் மறைக்கும். அதனால் நான் தொட்டுக்காட்ட வேண்டிய எண்களையும் படங்களையும் மேல்பாதியில் அச்சிடுகிறேன். அவராகப் படிக்கும் வரிகள் கீழே. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு நிர்வாகி என் கையை மெதுவாக ஒதுக்கிவிட்டுப் படித்த நாளில் தெரிந்துகொண்டேன்.

தாளை வைத்ததும் பேசக்கூடாது. அறுபது எழுபது சொற்கள் உள்ள தாளைப் படிக்க அரை நிமிடம் பிடிக்கும். அந்த அரை நிமிடம் உட்கார்ந்திருப்பவனுக்கு நீளமாகத் தோன்றும், படிப்பவருக்குத் தோன்றாது. அவர் கண் மேலே வந்த பிறகு வாயைத் திறக்கலாம். தாளில் உள்ளதையே வாசித்துக் காட்டுவது அவரை அவமதிப்பது. தாளில் இல்லாததைச் சொல்ல வேண்டும். இரண்டாம் தாளுக்கு நான் சொல்வது, பக்கத்து மாவட்டத்தில் நானே பார்த்த செத்த கூகையின் கதை.

அவர் தாளைக் கையில் எடுத்துச் சாய்ந்துகொண்டால் நல்லது, நான் காத்திருப்பேன். பென்சிலை எடுத்தால் அதைவிட நல்லது. இதற்காகவே வலது ஓரத்தில் ஐந்து சென்டிமீட்டர் வெற்றிடம் விடுகிறேன். தாளைப் படிக்காமல் விளிம்போடு விளிம்பு சேர்த்து அடுக்கத் தொடங்கினால் அவர் மனதுக்குள் எழுந்துவிட்டார் என்று அர்த்தம். அப்போது மீதித் தாள்களை வைப்பதில் பயனில்லை. முதல் தாளை மறுபடி மேலே எடுத்து வைத்து, "ஐயாவுக்கு இதில் எது ஒத்து வரவில்லை?" என்று கேட்பேன். முதல் தாளை எப்போதும் அவருடைய இடக்கைப் பக்கம் திறந்தே வைத்திருப்பதும் இதற்காகத்தான். மற்றவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம், அதை மட்டும் மூடக்கூடாது.

தனித்தாள்களின் முதல் எதிரி மின்விசிறி. பழைய தோட்ட அலுவலகங்களில் நிர்வாகியின் தலைக்கு மேலேயே சுழலும். சாதாரண 80 கிராம் தாள் முதல் நிமிடத்திலேயே பறக்கும். நான் ஓடிப்பிடித்திருக்கிறேன். விசிறியை நிறுத்தச் சொல்ல முடியாது, அந்த வெயிலில் அது அநியாயம். 120 கிராம் தாளில் அச்சிட்டால் ஓரளவு படிந்து கிடக்கும். அத்துடன் என் பட்டறையிலிருந்து கையடக்கமான ஒரு இரும்புத் துண்டு கொண்டுபோகிறேன். மை அச்சு இயந்திரத்தில் எடுத்த தாள் வியர்வைக் கை பட்டாலும் தேத்தண்ணீர்க் கோப்பையின் ஈரம் பட்டாலும் கலைந்துவிடும். டவுனில் லேசர் அச்சுக் கடையில் எடுப்பது சில ரிங்கிட் கூடுதல், அதைச் செலவிடுவது நல்லது.

அடுத்த குறை இதைவிடப் பெரியது. இதில் கட்டுதான் சிறந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். நிர்வாகி முடிவெடுத்தாலும் சில நிறுவனங்களில் தொகையைப் பொறுத்து அவர் மேலிடத்துக்கு எழுத வேண்டும். அப்போது என் தாள் நான் இல்லாமல் பயணம் செய்கிறது. தனித்தாளாகப் போனால் பிரிந்துவிடும். விலை சொல்லும் முதல் தாள் மட்டும் போய்ச் சேர்ந்து, மருந்தைப் பற்றிய இரண்டாம் தாள் மேசை இழுப்பறையில் தங்கிவிடலாம். ஒருமுறை அப்படித்தான் ஆயிற்று. பணம் ஒப்புதலாகி வந்தது, மருந்து மாற்றும் பேச்சே மேலே போகவில்லை. வேலையைத் தொடங்குவதற்குமுன் நானே போய்ச் சொல்லி நிறுத்த வேண்டியிருந்தது.

ஆகவே இப்போது இரண்டு தொகுதி கொண்டுபோகிறேன். மேசையில் வைப்பது தனித்தாள்கள். எழுந்து வரும்போது கொடுப்பது அதே ஐந்து தாள்கள், ஒவ்வொன்றிலும் "5-இல் 1", "5-இல் 2" என்று எண், தேதி, என் தொலைபேசி எண், மேல் மூலையில் ஒரே ஊசி. முதலில் கட்டைக் கொடுத்துவிட்டுத் தனித்தாள்களை எடுத்தால் எல்லாம் கெட்டுவிடும். கட்டு பையை விட்டு வெளியே வருவது கை குலுக்கும்போதுதான். மொழியும் இங்கே முடிவாகிறது. நாங்கள் இருவரும் தமிழில் பேசினாலும் மேலிடத்தில் படிப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று எண்ணக்கூடாது. அச்சில் மலாய், பேச்சில் தமிழ் என்று வைத்துக்கொண்டேன். தாளில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஆசையும் இதனால் தானாகப் போய்விட்டது.

எல்லாருக்கும் எல்லா இடத்திலும் தனித்தாள் என்று நான் சொல்லவில்லை. சில நிர்வாகிகள் முன்கூட்டியே காகிதத்தை அனுப்பச் சொல்வார்கள், படித்துவிட்டுக் கேள்விகளோடு உட்காருவார்கள். அவர்களுக்குத் தைத்த கட்டுதான் சரி. அங்கே போய் ஒவ்வொரு தாளாக வைத்தால் பொறுமையிழந்துவிடுவார்கள். அந்தக் கட்டிலும் முதல் பக்கம் அதே முதல் தாளாக இருக்க வேண்டும். இரண்டு வகைப் பெட்டியில் எது என்று மட்டும் கேட்பவருக்கு ஒரு ஏ3 தாள் போதும். முதன்முறையாகச் சந்திக்கிறேன், அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாது, விஷயத்தில் அவருக்குப் பிடிக்காத ஒரு செய்தியும் இருக்கிறது என்றால் தனித்தாள்களைத்தான் எடுப்பேன். போகும் நாளும் முக்கியம். மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்பது சட்டம். ஆகவே மாதத்தின் முதல் வாரம் அலுவலகம் முழுக்கக் கணக்கில் மூழ்கியிருக்கும். 12-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் இடையில், காலை பத்தரை மணிக்குமேல் போகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு தோட்டத்தில் இப்படி உட்கார்ந்தேன். நிர்வாகி ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். முதல் தாளைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தாளில் நிறுத்தினார்.

"தம்பி, இங்கே வார்பரின் வேலை செய்யாது. நாங்கள் பார்த்துவிட்டோம்."

"எல்லாப் பிளாக்கிலுமா, ஐயா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆற்றோரத்தில்தான் மோசம்."

நான் மூன்றாம் தாளை எடுத்து விரித்தேன். அவரே செக்ரோலை ஒதுக்கினார். பென்சிலை எடுத்து ஆற்றோரத்தில் இருந்த ஐந்து வட்டங்களை அடித்தார். அந்தப் பகுதியில் புரோடிபாகும் தொடரும் என்றார். நான் அதை ஒத்துக்கொண்டேன், ஆனால் கூகைக்குத் தோட்ட எல்லை தெரியாது, ஆற்றோரத்தில் மருந்து தின்ற எலியை அடுத்த பிளாக்குக் கூகையும் வந்து பிடிக்கும் என்றேன். அவர் அடித்த வட்டங்களை ஒட்டியிருந்த இன்னும் மூன்றையும் அடித்தார். வலது ஓரத்தில் "12" என்று எழுதி வட்டமிட்டார்.

12 பெட்டி, 4,200 ரிங்கிட். நான்காம் தாளில் இருந்த 8 என்ற எண்ணும் அவர் கையாலேயே 5 ஆகியது. நான் கொண்டுபோயிருந்த தைத்த கட்டில் 20 என்றும் 7,000 என்றும் இருந்ததால் அதைக் கொடுக்கவில்லை. அலுவலகக் கிராணியிடம் கேட்டு, நிர்வாகி எழுதிய தாள்களை அங்கேயே நகல் எடுத்து, ஒரு தொகுதியை அவரிடம் வைத்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். அவருடைய பென்சில் வட்டங்கள் உள்ள அந்த வரைபடத்தை வைத்துத்தான் குழி தோண்டினோம்.